எட்டுப் பேருக்கு எத்தனை பிரியாணி?



ஒரு கன மீட்டர் செங்கல் சுவருக்கு எத்தனை செங்கல் வேண்டும் என்று நம் சிவில் பிரிவு நண்பர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "500" என்று பதில் வரும். 'எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங்' என்று அதற்குத் தனிப் பாடமே இருக்கிறது. அதே நண்பர்கள் எட்டுப் பேராக ஓட்டலுக்குள் நுழைந்ததும் அந்தப் பாடம் எங்கே போகிறதோ தெரியவில்லை. "அண்ணே, எட்டு பிரியாணி, மூணு சிக்கன் 65, பரோட்டா ஒரு பதினாறு கொண்டாங்க, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்!" என்று ஒருவர் முழங்குகிறார். ஒரு மணி நேரம் கழித்து மேசையில் பாதிப் பரோட்டா விறைத்துக் கிடக்கிறது, கிரேவியில் எண்ணெய் மேலே மிதக்கிறது. பில்லை எட்டால் வகுக்கும்போது தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டவனும் 370 ரூபாய் எடுத்து வைக்கிறான். அடுத்த முறை கூப்பிட்டால், "எனக்கு வேலை இருக்குடா" என்று நழுவிவிடுகிறான்.

அவனுக்கு வேலை எதுவும் இல்லை என்பது நமக்கும் தெரியும். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான். கூட்டாகச் சாப்பிடும்போது அளவு தெரியாமல் சொல்வதால் சோறு வீணாவதோடு ஒரு நண்பனும் கூட்டத்தை விட்டுப் போகிறான். வீட்டிலிருந்து வரும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்யும் டிப்ளமா மாணவர்களாகிய நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எந்தக் கணக்குக்கும் ஓர் அலகு வேண்டும். 100 கிராம் அரிசியை வடித்தால் அரிசியின் ரகத்தைப் பொறுத்து 250 முதல் 300 கிராம் வரை சோறு கிடைக்கும். நல்ல பசியில் இருக்கும் நம் வயதுக்காரர் ஒருவர், சோறு, கறி, குழம்பு எல்லாம் சேர்த்து ஒரு வேளைக்கு 500 முதல் 600 கிராம் வரை சாப்பிடுவார். 550 என்று வைத்துக்கொள்வோம். மேசையில் வரும் மொத்த எடையை ஆள் கணக்கால் வகுத்தால் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரவேண்டும். அதைத் தாண்டினால் மிச்சம், குறைந்தால் பசி.

இனி ஓட்டல் பக்கம் வருவோம். பிரியாணி ஒரு பிளேட் கடைக்குக் கடை மாறும். கறித்துண்டோடு சேர்த்துச் சராசரி 400 கிராம் எனலாம். பரோட்டா ஒன்று சுமார் 70 கிராம். கிரேவி ஒரு பிளேட் 250 கிராம் வரும். மூன்று பரோட்டா சாப்பிடுபவருக்கு 100 கிராம் கிரேவி தாராளம் என்பதால் ஒரு பிளேட் இரண்டு மூன்று பேருக்குப் போதும். 65 வகையறா ஒரு பிளேட் 200 கிராம் அளவில் இருக்கும். அதை எடையில் யோசிப்பதைவிட, "எத்தனை பீஸ் வரும்ணே?" என்று கேட்டுவிடுவது நல்லது. பத்துத் துண்டு வரும் பிளேட் ஒன்று எட்டுப் பேருக்கு ஆளுக்கொரு துண்டு கொடுக்கும், பிரியாணிக்கு முன்னால் நாக்கை நனைக்க அது போதும். இந்த எண்கள் உங்கள் கடைக்குப் பொருந்துமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உட்கார்ந்ததும் மெனு அட்டையைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து மேசைக்கு வந்திருக்கும் பிளேட்டைப் பாருங்கள். அட்டையில் விலை மட்டும்தான் இருக்கும், அளவு அந்தப் பிளேட்டில்தான் தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போமே. பச்சைமலைக்குப் போய்விட்டு எட்டுப் பேர் மாலையில் துறையூருக்கு இறங்குகிறார்கள். ஆறு பேர் அசைவம், இரண்டு பேர் சைவம். விலையைக் கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்கிறேன்: சிக்கன் பிரியாணி 180, வெஜ் ஃபிரைடு ரைஸ் 140, பரோட்டா 20, சிக்கன் 65 என்றால் 160, காலிஃப்ளவர் 65 என்றால் 120, சிக்கன் கிரேவியும் பனீர் கிரேவியும் 180. வரி தனி. உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

பசி வேகத்தில் வரும் ஆர்டர் இப்படி இருக்கும்: ஆறு பிரியாணி, இரண்டு ஃபிரைடு ரைஸ், பதினாறு பரோட்டா, மூன்று சிக்கன் 65, இரண்டு காலிஃப்ளவர், இரண்டு சிக்கன் கிரேவி, ஒரு பனீர் கிரேவி. தொகை 2940 ரூபாய், ஆளுக்கு 368. எடையைக் கூட்டினால் 6 கிலோவைத் தாண்டுகிறது, அதாவது ஆளுக்கு 760 கிராம். எட்டு வயிறு கொள்ளுவது 4 கிலோ 400 கிராம்தான். மீதி ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மேசையிலேயே நிற்கும். கால் பங்குக்கும் மேல் காசு கொடுத்து வாங்கி வைத்துவிட்டு வருகிறோம் என்று அர்த்தம்.

என் கருத்து இதுதான்: ஆர்டரை இரண்டு தவணையாகச் சொல்ல வேண்டும். முதல் தவணையில் வயிற்றின் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், ஆளுக்கு 450 கிராம் அளவுக்கு மட்டும் சொல்ல வேண்டும். நாலு பிரியாணி, ஒரு ஃபிரைடு ரைஸ், பத்துப் பரோட்டா, சிக்கன் 65 ஒன்று, காலிஃப்ளவர் ஒன்று, சிக்கன் கிரேவி ஒன்று, பனீர் கிரேவி ஒன்று. இதன் தொகை 1700 ரூபாய், எடை 3 கிலோ 600 கிராம். எல்லாம் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிட வேண்டும். முக்கால்வாசி முடிந்ததும் ஒருவர் கேட்க வேண்டும்: "யாருக்கு இன்னும் பசிக்குது? கை தூக்குங்க." பசித்தவர்களுக்காக இன்னொரு பிரியாணி, நாலு பரோட்டா. இப்போது தொகை 1960, எடை 4 கிலோ 280 கிராம், ஆளுக்கு 535 கிராம். எல்லோருக்கும் வயிறு நிறைந்துவிட்டது. செலவு ஆளுக்கு 245 ரூபாய். மொத்தத்தில் 980 ரூபாய் மிச்சம்.

"ரெண்டாவது தடவ சொன்னா வர்றதுக்கு அரைமணி நேரம் ஆகுமே மச்சான்" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் எதை எந்தத் தவணையில் சொல்வது என்பது முக்கியமாகிறது. கிரேவி, 65, ஃபிரைடு ரைஸ் மூன்றும் சொன்ன பிறகு அடுப்பில் ஏறுபவை. கூட்டமான நேரத்தில் அவை வரத் தாமதமாகும் என்பதால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரியாணி ஏற்கெனவே அண்டாவில் தயாராக இருக்கிறது, பரோட்டாக் கல்லும் காய்ந்துகொண்டே இருக்கிறது, தயிர்சாதம் கலந்து வைத்திருக்கிறார்கள். இவை சொன்ன கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். இரண்டாம் தவணைக்கு இவற்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஓர் ஆபத்து உண்டு. இரவு நேரத்தில், "பிரியாணி முடிஞ்சிருச்சு தம்பி" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் முதல் தவணையின்போதே, "இன்னும் ரெண்டு பிரியாணி இருக்குமாண்ணே?" என்று கேட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

"மிஞ்சினா பார்சல் கட்டிக்கலாம்டா, ஹாஸ்டல்ல காலைல சாப்பிடலாம்" என்று சொல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்கிருமியின் விதைபோன்ற வடிவம் இருக்கக்கூடும். அது வேகும் சூட்டிலும் சாவதில்லை. சோறு ஆறி அறைச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் அழிவதில்லை. கெட்ட வாடை வந்தால்தான் கெட்டது என்றும் நினைக்க வேண்டாம், வாடை வருமுன்னே நஞ்சு இருக்கலாம். ஆகவே பார்சலை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். நம் ஹாஸ்டல் அறையில் அந்தப் பெட்டி ஏது? ராத்திரி பத்து மணிக்குக் கட்டிய பிரியாணி காலை ஏழு மணிக்கு உணவு அல்ல.

இந்த இரண்டு தவணை முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பச்சைமலைக்கு மேலே, டாப் செங்காட்டுப்பட்டிப் பக்கம் நகரத்து ஓட்டல்போல ஐம்பது அயிட்டம் எழுதிய அட்டை கிடைக்காது. மங்களம் அருவிக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கடையில் காலையிலேயே, "எட்டுப் பேருங்க, மதியம் வந்துர்றோம்" என்று சொல்லி வைத்தால் அந்த எட்டுப் பேருக்கு உலை வைப்பார்கள். அங்கே இரண்டாம் தவணை என்பது கிடையாது. உலையில் போட்ட அரிசிதான் கணக்கு. இங்கே நாமே அரிசி அளவைச் சொல்லிவிடலாம். அருவிவரை நடந்துவிட்டு வருபவர்களுக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி என்றால் எட்டுப் பேருக்கு 1 கிலோ 200 கிராம். வடித்தால் மூன்று கிலோவுக்கு மேல் சோறு வரும். குழம்பும் பொரியலும் சேர்ந்தால் ஆளுக்கு நம் 550-ஐ ஒட்டி வந்துவிடும். சொன்ன எண்ணிக்கையை மதியம் மாற்றக் கூடாது. ஆறு பேர்தான் போய் நின்றாலும் எட்டுப் பேருக்கான பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஏனென்றால் மிஞ்சிய சோற்றை வாங்க அந்த மலையில் அவர்களுக்கு வேறு கூட்டம் வராது.

அடுத்து பஃபே. திருச்சியில் பிரிவு உபசார விழா என்றாலே இப்போது பஃபேதான் என்றாகிவிட்டது. தில்லைநகரிலோ ஜங்ஷன் பக்கமோ ஓட்டலில் தலைக்கு இவ்வளவு என்று பேசி நிற்க வைத்துவிடுகிறோம். "ஐநூறு ரூபா குடுத்திருக்கோம், ஐநூறு ரூபாய்க்குத் தின்னுட்டுத்தான் போகணும்" என்பது அங்கே கேட்கும் வேத வாக்கு. இது கணக்குத் தெரியாதவன் பேச்சு. கொடுத்த பணம் வாசலிலேயே போய்விட்டது. பத்துத் தட்டு சாப்பிட்டாலும் ஒரு தட்டு சாப்பிட்டாலும் அது திரும்பி வராது. இனிமேல் நமக்குக் கிடைக்கக்கூடியது ருசி மட்டும்தான். அந்த ருசியை அதிகமாக்குவது எப்படி என்று யோசிப்பதே சரியான கணக்கு.

பஃபேயில் நாம் ஏன் அளவு மீறுகிறோம் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரே பண்டத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் அதன்மேல் உள்ள ஆசை குறைகிறது. புதிய ருசி ஒன்று வந்தால் ஆசை மறுபடி கிளம்புகிறது. பார்பரா ரோல்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் இருந்தவர்களும் 1980-களின் தொடக்கத்தில் இதைச் சோதனை செய்து காட்டினார்கள். கல்யாணப் பந்தியில் "போதும் போதும்" என்று கையை மறித்தவர் பாயசம் வந்ததும் இலையை நேராக்குவது இதனால்தான். பஃபேயில் இருபது ருசி ஒரே நேரத்தில் வரிசையாக நிற்கிறது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குத் தெளிவாக எட்ட ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் மூன்று தட்டு முடிந்துவிடுகிறது.

பந்தியில் இந்தத் தொல்லை குறைவு. சாம்பார், ரசம், மோர் என்று ருசிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பரிமாறுபவர் கொஞ்சமாக வைத்துவிட்டு மறுபடி வருகிறார். ஸ்ரீரங்கம் கோயிலில் 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நாள் முழுவதும் அன்னதானத் திட்டத்தில் சாப்பிட்டவர்களுக்கும், நம் ஊர்க் கல்யாண வீடுகளில் உட்கார்ந்தவர்களுக்கும் இது தெரியும். முதலில் கொஞ்சம், வேண்டுமானால் மறுபடியும். நான் மேலே சொன்ன இரண்டு தவணை முறையும் பந்தியிலிருந்து எடுத்ததுதான். பஃபேயில் பரிமாறுபவரும் நாமே, சாப்பிடுபவரும் நாமே என்பதால் அந்த நிதானத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

அதற்கு வழி இதுதான். தட்டை எடுக்காமல் வெறுங்கையோடு வரிசை முழுவதையும் ஒரு சுற்றுப் பாருங்கள். வரிசையின் தொடக்கத்தில் பெரும்பாலும் சூப்பும், சாலட்டும், வயிற்றை அடைக்கும் மாவுப் பண்டங்களும் இருக்கும். உங்களுக்குப் பிடித்தது கடைசியில் இருக்கலாம். பஃபேக் கரண்டி ஒன்றில் சுமார் 60 கிராம் வரும். 550-ஐ 60-ஆல் வகுத்தால் ஒன்பது. அந்த ஒன்பது கரண்டிதான் உங்கள் வயிறு. இருபது பண்டம் இருக்கும் இடத்தில் ஒன்பது கரண்டியை எப்படிப் பங்கு போடுவது? வீட்டிலும் மெஸ்ஸிலும் தினமும் கிடைக்கும் வெள்ளைச் சோறு, சாம்பார், அப்பளத்துக்கு ஒரு கரண்டியும் செலவழிக்க வேண்டாம். முதல் தட்டில் நாலு பண்டம், நாலு அரைக் கரண்டி, அதாவது இரண்டு கரண்டிக் கணக்கு. உட்கார்ந்து சாப்பிட்டு, எது ருசியோ அதற்கு இரண்டாவது தட்டில் ஐந்து கரண்டி கொடுங்கள். மீதி இரண்டு இனிப்புக்கு.

எடுக்குமுன் இன்னொன்றையும் கவனியுங்கள். சூடான பண்டம் 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். நம்மிடம் வெப்பமானி இல்லை என்றாலும் பாத்திரத்தின் அடியில் சுடர் எரிகிறதா, மூடியைத் திறந்தால் ஆவி வருகிறதா என்று பார்க்கலாம். சுடர் அணைந்து, குழம்பின் மேல் ஏடு கட்டியிருந்தால் அதை விட்டுவிடுங்கள். பொரித்த பண்டம் மூடிய பாத்திரத்தில் தன் ஆவியிலேயே நமத்துப் போகும். புதுத் தட்டம் வரும்வரை காத்திருந்து எடுப்பது நல்லது.

கடைசியாகப் பங்கு பிரிக்கும் விஷயம். சைவ நண்பர்களை மேசையில் அழைத்து உட்கார வைத்தால் மட்டும் போதாது. காலிஃப்ளவரைச் சிக்கன் பொரித்த எண்ணெயிலேயே பொரிக்கிறார்களா, பரோட்டா மாவில் முட்டை சேர்க்கிறார்களா, ஊற்றும் சால்னா கறிச் சால்னாவா என்று அவர்களுக்காக நாம் கேட்க வேண்டும். தானே கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள். பில்லை மூன்றாகப் பிரிக்கலாம். மேலே சொன்ன 1960 ரூபாயில் பரோட்டாவும் காலிஃப்ளவரும் பொது, 400 ரூபாய், எட்டால் வகுத்தால் 50. சிக்கன் அயிட்டங்கள் 1240, ஆறால் வகுத்தால் 207. ஃபிரைடு ரைஸும் பனீரும் 320, இரண்டால் வகுத்தால் 160. அசைவக்காரருக்கு 257, சைவக்காரருக்கு 210.

"இதென்னடா, முப்பத்தஞ்சு ரூபாய்க்குக் கணக்குப் பாக்கிறே!" என்று சிலர் சிரிக்கலாம். சமமாக 245 என்று போட்டுவிடுவதில் எனக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால், "விடுடா, பரவாயில்ல" என்று சொல்லும் உரிமை 35 ரூபாய் அதிகம் கொடுக்கப் போகிறவனுக்குத்தான் உண்டு, 12 ரூபாய் மிச்சமாகும் நமக்கு இல்லை. அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

ஆகவே ஓட்டல் வாசலிலேயே, உள்ளே காலை வைப்பதற்கு முன்பே, "இன்னிக்கு ஆளுக்கு எவ்வளவு?" என்று கேட்டு, வருகிற எண்களில் சிறியதையே எல்லோருக்கும் உச்சவரம்பாக வைத்துக்கொள்ள வேண்டும். 250 என்று ஒருவன் சொன்னால் எட்டுப் பேருக்கு 2000. மேலே போட்ட கணக்கு வரிக்கு முன் அதற்குள் வயிறார அடங்கியிருக்கிறது. வரியையும் அந்த 2000-க்குள் கொண்டுவர வேண்டுமானால் இரண்டாம் தவணையில் நாலு பரோட்டாவைக் குறைத்தால் போதும்.

இந்த ஆண்டு மலர் உங்கள் கைக்கு வரும்போது பிரிவு உபசார விழாக்கள் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் இருப்பார். ஆர்டர் சொல்லும் பொறுப்பை உரக்கப் பேசுபவரிடமிருந்து வாங்கி அவரிடம் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன், வேலை இருக்கிறது என்று நழுவிப் போன அந்த நண்பனுக்கு ஒரு போன் போட்டு, இந்தத் தடவை ஆளுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.